குவியலில் எத்தனை கியூப்? குறுக்குவெட்டும் பிரிஸ்மாய்டல் சூத்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மணல், கிரவல், சல்லிக்கல் எல்லாம் கியூப் கணக்கில்தான் கைமாறுகின்றன. டிப்பரில் வந்தால் டிப்பரை எண்ணிக்கொள்ளலாம். ஏற்கெனவே குவிந்து கிடப்பதை அளப்பதுதான் சிக்கல். சம இடைவெளியில் குறுக்குவெட்டுப் பரப்புகளை எடுத்துக் கன அளவு காண்பதில் வழக்கமாக வரும் கேள்விகள் கீழே உள்ளன. எல்லாவற்றுக்கும் ஒரே குவியலை உதாரணமாக வைத்திருக்கிறேன்: செங்கலடிப் பக்கம் வீதி வேலைக்காகக் கொட்டி, லோடரால் ஒதுக்கி நீட்டுவாக்கில் அமைத்த ஒரு கிரவல் குவியல். நீளம் 30 மீற்றர், நடுவில் உயரம் 4 மீற்றர்.

"இந்தச் சூத்திரம் என்ன சொல்லுது? சும்மா ரெண்டு பக்கப் பரப்பையும் கூட்டி ரெண்டால வகுத்தா போதாதா?"

சில குவியலுக்குப் போதும், சிலதுக்குப் போதாது. இரண்டு முனைப் பரப்புகளின் சராசரியை நீளத்தால் பெருக்குவது முனைப் பரப்பு முறை. பிரிஸ்மாய்டல் சூத்திரம் இன்னொரு பரப்பையும் கேட்கிறது. அது சரி நடுவில் எடுக்கும் வெட்டு:

```
V = L/6 × (A1 + 4·Am + A2)
```

A1, A2 இரண்டும் முனைப் பரப்புகள், Am நடுப் பரப்பு, L முனைக்கு முனை நீளம். நடுப் பரப்புக்கு நான்கு மடங்கு எடை. முனைகளை மட்டும் பார்த்தால் இடையில் குவியல் புடைத்திருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா என்பது தெரியாது. நடு வெட்டு அதைச் சொல்லிவிடும்.

ஒரு கூம்பைப் படுக்க வைத்ததாக நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் பரப்பு A, மறு முனையில் சுழியம், நடுவில் A-இன் காற்பங்கு. சூத்திரத்தில் போட்டால் A × L / 3 வரும். அதுதான் கூம்பின் உண்மையான கன அளவு. முனைப் பரப்பு முறை A × L / 2 என்று சொல்லும், அதாவது பாதிக்குப் பாதி அதிகம்.

"குவியலை எப்படி வெட்டு வெட்டா அளக்கிறது? உள்ளே போய்ப் பார்க்க ஏலாதே."

உள்ளே போக வேண்டியதில்லை, மேற்பரப்பும் அடிநிலமும் தெரிந்தால் போதும். குவியலின் நீளத்துக்கு இணையாக, சரிவின் அடி தொடாத தூரத்தில் ஒரு நேர்கோடு பிடித்து 5 மீற்றருக்கு ஒரு முளை அடிக்கிறோம். ஒவ்வொரு முளையிலிருந்தும் செங்குத்தாகக் குவியலைக் கடந்து போகிறோம். செங்கோணத்தை டேப்பில் 3-4-5 வைத்தே பிடித்துவிடலாம். அந்தக் கோட்டில் சரிவு எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் தூரமும் மட்டமும் எடுக்க வேண்டும். அடி, தோள், உச்சி, மறு தோள், மறு அடி ஆகியவை கட்டாயம். ஒழுங்கான சரிவில் நடுவே பத்துப் புள்ளி எடுத்துப் பயனில்லை, தோளை விட்டுவிட்டால்தான் பரப்பு கெடும்.

லெவல் கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரையில் முக்காலி வைத்தால் பார்வைக் கோடு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில்தான் போகும். 4 மீற்றர் உச்சியில் நிற்கும் ஸ்டாஃபின் அடியே அதற்கு மேலே இருக்கும், வாசிக்க முடியாது. கருவியைக் குவியலின் மேல் ஏற்றினால் முக்காலி பொருளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த வேலைக்கு டோட்டல் ஸ்டேஷன் நல்லது. அதிலும் பிரிஸம் கம்பின் கூர் முனை மணலில் புதையும், அடியில் சின்னத் தட்டு ஒன்று வையுங்கள்.

"ஒரு வெட்டின்ர பரப்பை எப்படிக் கணக்கிடுறது?"

நமது குவியலில் 15 மீற்றர் முளையில் எடுத்த வெட்டைப் பார்ப்போம். இடது அடியிலிருந்து தூரமும், அந்த இடத்தில் பழைய நிலத்துக்கு மேல் உயரமும் மீற்றரில்:

```
தூரம்   0     5.0   8.5   11.5   17.2
உயரம்   0     3.4   4.0   3.9    0
```

அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் ஒரு துண்டு. இரண்டு உயரங்களின் சராசரியை இடைத்தூரத்தால் பெருக்கினால் துண்டின் பரப்பு கிடைக்கும். முதல் துண்டு 5.0 × 1.7 = 8.5. அடுத்தது 3.5 × 3.7 = 12.95. மூன்றாவது 3.0 × 3.95 = 11.85. கடைசி 5.7 × 1.95 = 11.1. கூட்டினால் 44.4 சதுர மீற்றர்.

இரு பக்கச் சரிவையும் ஒருமுறை பாருங்கள். 5.0 மீற்றர் போக 3.4 ஏறுகிறது, மறுபக்கம் 5.7-க்கு 3.9 இறங்குகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றரை. தளர்வாகக் கொட்டிய பொருள் தானாக நிற்கும் சரிவு ஏறத்தாழ இதுதான். ஒரு வெட்டில் சரிவு ஒன்றுக்கு ஒன்று என்று வந்தால், பெக்கோ அந்த இடத்தில் தோண்டி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியைத் தவறான இடத்தில் பிடித்திருக்க வேண்டும்.

"ஏழெட்டு வெட்டு இருந்தா சூத்திரத்தை எங்க போடுறது? நடு வெட்டு எது?"

வெட்டுகளை இரண்டிரண்டு இடைவெளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 0, 5, 10 ஒரு தொகுதி, அதில் 5 நடு வெட்டு. 10, 15, 20 அடுத்தது, அதில் 15 நடு. 20, 25, 30 கடைசி, அதில் 25 நடு. இங்கே L என்பது 10 மீற்றர், 5 அல்ல. பலரும் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

நமது குவியலின் பரப்புகள், சதுர மீற்றரில்:

```
முளை    0    5      10     15     20     25     30
பரப்பு   0    19.6   34.8   44.4   37.4   22.0   0
```

முதல் தொகுதி: 10/6 × (0 + 78.4 + 34.8) = 188.7
இரண்டாவது: 10/6 × (34.8 + 177.6 + 37.4) = 416.3
மூன்றாவது: 10/6 × (37.4 + 88.0 + 0) = 209.0

மொத்தம் 814 கன மீற்றர். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆக 287 கியூப் சொச்சம்.

மூன்று தொகுதிகளையும் ஒன்றாக எழுதினால், பள்ளிக்கூடத்தில் சிம்சன் விதி என்று படித்தது கிடைக்கும். முதலும் கடைசியும் ஒரு தரம், நடு வெட்டுகள் நான்கு தரம், தொகுதிகள் சந்திக்கும் வெட்டுகள் இரண்டு தரம். எக்செலில் பரப்புகள் B2 முதல் B8 வரை இருந்தால்:

```
=5/3*(B2+4*(B3+B5+B7)+2*(B4+B6)+B8)
```

இந்த வடிவத்தில் 5 என்பது ஒரு இடைவெளி. மேலே 10/6, இங்கே 5/3, இரண்டும் ஒன்றுதான். குழப்பமாக இருந்தால் தொகுதி தொகுதியாகவே போடுங்கள், பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவும் அது சுலபம்.

"நடு வெட்டு அளக்க நேரமில்லை. ரெண்டு பக்கப் பரப்பின்ர சராசரியை Am-க்குப் போடலாமா?"

போட்டால் சூத்திரம் போட்டதாகவே ஆகாது. நமது இரண்டாவது தொகுதியில் செய்து பாருங்கள். 34.8-க்கும் 37.4-க்கும் சராசரி 36.1. 10/6 × (34.8 + 144.4 + 37.4) = 361. சூத்திரமே இல்லாமல் 36.1 × 10 போட்டாலும் அதே 361 வரும். உண்மையான நடு வெட்டு 44.4, அதைப் போட்டபோது 416 வந்தது. வித்தியாசம் 55 கன மீற்றர்!

வீதிக் கட்டு, வாய்க்கால் போன்ற ஒழுங்கான வடிவங்களில் நடு வெட்டை அளக்காமல் பெற ஒரு வழி உண்டு. இரு முனைகளின் அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியாகச் சராசரி எடுத்து, அந்த அளவுகளால் ஒரு வெட்டு வரைந்து அதன் பரப்பைக் காண்பது. பரப்புகளைச் சராசரி எடுப்பதும் இதுவும் வேறு வேறு. லோடர் ஒதுக்கிய குவியலுக்கு இதையும் நம்ப வேண்டாம்.

"பிரிஸ்மாய்டல் போட்டா எப்பவும் கணக்குக் குறையும் எண்டு சொல்றாங்கள். எனக்குக் கூடித்தானே வருது?"

உங்கள் கணக்கு சரியாக இருக்கலாம். இதே ஏழு பரப்புகளை முனைப் பரப்பு முறையில் போட்டால் 5 × (19.6 + 34.8 + 44.4 + 37.4 + 22.0) = 791 கன மீற்றர். பிரிஸ்மாய்டல் 814. 23 கன மீற்றர் கூடுகிறது, அதாவது எட்டு கியூப், கிட்டத்தட்ட மூன்று டிப்பர்.

"எப்பவும் குறையும்" என்ற பேச்சு கூம்பு போல் ஒடுங்கும் வடிவங்களிலிருந்து வந்தது. முளைத் தூரத்தைக் கிடையாகவும் பரப்பை நிலைக்குத்தாகவும் வைத்து ஒரு வரைபடம் போடுங்கள். புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் அதன் கீழே உள்ளது முனைப் பரப்பு முறை தரும் கன அளவு. உண்மையான வளைகோடு அந்தக் கோடுகளுக்கு மேலே புடைத்துப் போனால் முனைப் பரப்பு முறை குறைத்துச் சொல்லும், கீழே தொய்ந்தால் கூட்டிச் சொல்லும். முதுகு உயர்ந்த நீளக் குவியலில் வளைகோடு புடைக்கும். லோடர் ஏறுவதற்காக நாக்கு மாதிரி நீட்டி விட்ட முனையில் அகலமும் உயரமும் சேர்ந்து ஒடுங்குவதால் அது தொய்யும். ஒரே குவியலில் இரண்டும் இருக்கலாம்.

இதனால் விற்பவரும் வாங்குபவரும் தமக்கு வசதியான முறையைப் பிறகு தேர்ந்துகொள்ள இடம் விடக் கூடாது. எந்த முறை என்று அளப்பதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் முனைப் பரப்பு முறை என்று இருந்தால் அதுதான் கணக்கு, எது துல்லியம் என்ற வாதம் அங்கே செல்லாது.

"வெட்டு இரட்டைப்படையா வந்துட்டுது. ஒண்டை விட்டுடலாமா?"

விடக் கூடாது. வெட்டுகள் ஒற்றைப்படையாக இருந்தால்தான் இடைவெளிகள் இரட்டைப்படையாகி, இரண்டிரண்டாகச் சேரும். இதை அளந்த பிறகு யோசிப்பதை விட முளை அடிக்கும் முன் யோசிப்பது நல்லது. இடைவெளி முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குவியல் 31.2 மீற்றர் என்றால் ஆறால் வகுத்து 5.2 மீற்றருக்கு ஒரு முளை அடியுங்கள், ஏழு வெட்டு வரும்.

ஏற்கெனவே அளந்தாகிவிட்டது, கடைசியில் ஒரு துண்டு மிஞ்சுகிறது என்றால் அந்தத் துண்டை மட்டும் தனியாகப் போடுங்கள். கடைசி முளையில் பரப்பு 9.0, அங்கிருந்து அடி முடியும் இடம் 4 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முனை கூம்பு போல ஒடுங்கினால் 9 × 4 / 3 = 12 கன மீற்றர். அகலம் மாறாமல் உயரம் மட்டும் ஆப்பு மாதிரி இறங்கினால் 9 × 4 / 2 = 18. பெரும்பாலான முனைகள் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். ஊகிப்பதை விட 2 மீற்றரில் ஒரு வெட்டு எடுத்துவிடுங்கள். அது 3.6 என்று வந்தால் 4/6 × (9.0 + 14.4 + 0) = 15.6. சந்தேகம் தீர்ந்தது.

"டிப்பர் கொட்டினபடி கும்பம் கும்பமா கிடக்கு. அப்படியே அளக்கலாமா?"

இந்தச் சூத்திரத்தால் வேண்டாம். அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையில் பரப்பு மெதுவாக, ஒழுங்காக மாறுகிறது என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. டிப்பர் வரிசையாகக் கொட்டிய கும்பங்களில் உச்சி, பள்ளம், உச்சி, பள்ளம் என்று மாறி மாறி வரும். சம இடைவெளி முளைகள் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

உச்சியில் பரப்பு 20, பள்ளத்தில் 10 என்று எடுப்போம். நான்கு தரம் எடுக்கும் வெட்டுகள் உச்சியில் விழுந்தால் சராசரிப் பரப்பு (80 + 20) / 6 = 16.7 ஆகும். முளைகளை ஓர் இடைவெளி நகர்த்தினால் அதே வெட்டுகள் பள்ளத்தில் விழுந்து (40 + 40) / 6 = 13.3 ஆகும். அதே குவியல், அதே வெட்டுகள்! நேர்மையான விடை 15-க்குப் பக்கத்தில் இருக்கும், அதை முனைப் பரப்பு முறை சும்மாவே தந்துவிடும். அதனால் கும்பங்களை லோடரால் ஒதுக்கிய பிறகு அளப்பதுதான் சரி. ஒதுக்க முடியாவிட்டால் வெட்டுகளை நெருக்கமாக எடுத்து முனைப் பரப்பு முறையில் போடுங்கள்.

இதையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம். எந்தக் குவியலிலும் இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் வெட்டுகள் போதும். பத்து வீதம் வந்தால் எந்தச் சூத்திரம் சரி என்று வாதாட வேண்டாம், இடையில் இன்னும் வெட்டு எடுக்க வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

"அடிநிலம் சமதரை எண்டு எடுத்தா என்ன?"

சூத்திரத் தேர்வை விட இது பெரிய விஷயம். நமது குவியலின் அடிப்பரப்பு ஏறத்தாழ 400 சதுர மீற்றர் என்று வைத்தால், அடிமட்டம் 10 சென்ரிமீற்றர் பிசகினால் 40 கன மீற்றர் போகும், அதாவது பதினான்கு கியூப். இரண்டு முறைகளுக்கும் இடையிலான வித்தியாசமே 23 கன மீற்றர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சரியான வழி, கொட்டுவதற்கு முன்பே வெறும் நிலத்தை அதே முளைகளில் அளந்து வைப்பது. அந்த வாய்ப்புப் போய்விட்டால் ஒவ்வொரு வெட்டிலும் இரு அடிகளின் மட்டத்தை எடுத்து அவற்றை நேர்கோட்டால் இணைக்க வேண்டும். சமதரை என்று ஒரே மட்டத்தைப் போடாதீர்கள். ஆனால் இணைக்கும் கோடும் முழு உண்மை அல்ல. வயல் ஓரத்திலோ வாவிக் கரையிலோ மெத்தென்ற நிலத்தில் கொட்டினால் பாரத்தில் நடு நிலம் இறங்கும், லோடர் சக்கரம் வேறு அமுக்கும். அப்படி இறங்கிய பொருள் குவியலில் அளவுபடாது, அள்ளும்போதும் மண்ணோடு கலந்துதான் வரும். அதனால் அதைக் கணக்கில் சேர்ப்பதா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

"டிப்பர் கணக்குப்படி 300 கியூப் இறக்கினது. குவியல் 287 காட்டுது. ஆர் களவெடுத்தது?"

ஒருவரும் எடுத்திருக்க வேண்டியதில்லை. டிப்பர் பெட்டியில் பொருள் தளர்வாக இருக்கும். குவியலில் தன் பாரத்தாலும், மேலே ஏறி இறங்கும் லோடராலும் கொஞ்சம் இறுகும். நான்கு வீத வித்தியாசத்துக்கு அதுவே போதும். டிப்பர்கள் நிரம்பத்தான் வந்தனவா என்பது வேறு கேள்வி. அதைக் குவியலை அளந்து கண்டுபிடிக்க முடியாது, இறக்கும்போதே பெட்டியைப் பார்த்தால்தான் உண்டு.

மணல் என்றால் ஈரமும் சேர்கிறது. ஆற்றிலிருந்து வந்த ஈர மணல், துணிக்கைகளைச் சுற்றியுள்ள நீர்ப் படலத்தால் உப்பி நிற்கும். நுண் மணலில் இது கால்வாசி வரைகூடப் போகலாம். காய்ந்தால் இறங்கும், முழுக்க நனைந்தாலும் இறங்கும். சித்தாண்டிப் பக்கத்து மணலைக் காலையில் ஈரமாக அளந்துவிட்டு, வெயிலில் கிடந்த பிறகு இன்னொருவர் அளந்தால் இரண்டு பேரின் கணக்கும் சரியாக இருந்துகொண்டே ஒத்துவராது. சல்லிக்கல்லில் இந்தத் தொல்லை இல்லை.

"மாரி மழைக்குப் பிறகு திரும்ப அளந்தா போதுமா, இல்லை பழைய கணக்கையே வைக்கலாமா?"

திரும்ப அளக்க வேண்டும், அதுவும் வெட்டு வெட்டாக. வாடைக்காற்று மழை ஐப்பசி தொட்டு தை வரை இங்கே சும்மா விடாது. கிரவலிலும் மணலிலும் சரிவு கழுவப்பட்டு அடி விரியும், உச்சி தணியும். பழைய அடியில் நின்று புது உயரத்தை மட்டும் எடுத்தால், வெளியே மெல்லிய படையாக விரிந்து கிடப்பது முழுவதும் விடுபடும். மறுபக்கம், அந்த மெல்லிய படையில் 5 சென்ரிமீற்றர் ஆழம் கிடப்பதை அளந்தாலும் நிலத்து மண் கலக்காமல் அள்ள முடியாது. கன அளவுத் தாளில் அதைத் தனி வரியாக எழுதிவிட்டால் பிறகு சண்டை குறையும்.

முளைகளை மழைக்கு முன் அடித்த அதே இடத்தில் வைத்திருங்கள். அப்போது இரண்டு அளவைகளிலும் ஒரே வெட்டை ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்து பார்க்கலாம். மேலே குறைந்த பரப்பும் அடியில் கூடிய பரப்பும் ஏறத்தாழ ஈடாகும் வெட்டில் பொருள் இடம் மாறியிருக்கிறது. மேலே குறைந்து அடியில் ஒன்றும் கூடாத வெட்டில் பொருள் வெளியே போயிருக்கிறது: கானோடு வழிந்திருக்கும், இல்லாவிட்டால் டிப்பரில் ஏறியிருக்கும்.